ஆறாயிரம் வாங்கிக்கொண்டு சர்க்யூட் படத்தைத் தொலைத்தார்கள், கையில் தந்தது வெறும் பாகப் பட்டியல்

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் சோம்பலில் விட்டுவிடுவேன். இன்னொருத்தர் பணமும் போகும்.

கையால் வரைந்த சர்க்யூட் படத்தை அனுப்பினால், அதில் உள்ள பாகங்கள், மதிப்புகள், எது எதோடு சேர்கிறது என்ற இணைப்புகள் எல்லாவற்றையும் எழுத்தில் எடுத்துத் தரும் இணைய சேவைகள் இருக்கின்றன. அப்படி ஒன்றிடம் ஆறாயிரம் கொடுத்து ஏமாந்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றை மூடிவிட்டு வேறு பெயரில் திறப்பது இவர்களுக்குப் பெரிய வேலை இல்லை.

படம் என் பழைய பட்டறை நண்பர் நோட்டில் வரைந்தது. ஒரு கண்ட்ரோலர். பவர் சப்ளை பகுதி ஒன்று, டைமரும் ரிலேயும் சேர்ந்த பகுதி இன்னொன்று. போர்டு இன்றைக்கும் ஓடுகிறது, ஆனால் முழுக்க எப்பாக்ஸியில் மூழ்கி இருக்கிறது. உள்ளே மீட்டர் முனை வைக்க முடியாது. நோட்டு வீடு மாறும்போது போய்விட்டது. மிஞ்சியது போனில் இருந்த ஒரே போட்டோ. அதை எழுத்தாக மாற்றி வைத்துவிட்டால் படம் போனாலும் பிழைக்கலாம் என்றுதான் இவர்களிடம் போனேன்.

நான் நம்பிய இடத்தைச் சொல்கிறேன். சாட்டில் முதலில் பேசியவர் பணத்தைப் பற்றியே பேசவில்லை. "சார், நடுவுல ரெண்டு கோடு குறுக்கே போகுது, அங்க புள்ளி இருக்கா இல்லையா? போட்டோல தெளிவா இல்ல" என்று கேட்டார். புள்ளி இருந்தால் இரண்டு கம்பியும் சேர்கின்றன, இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று சும்மா தாண்டிப் போகிறது. விஷயம் தெரிந்தவன்தான் இதைக் கேட்பான். மாதிரிக்கு ஒரு எல்.இ.டி ஃப்ளாஷரின் பட்டியலையும் அனுப்பினார், ஒவ்வொரு காலும் எங்கே போகிறது என்று சுத்தமாக எழுதி. சரி, ஆள் கெட்டிக்காரர் என்று ஆறாயிரத்தையும் மொத்தமாக அனுப்பிவிட்டேன். அந்த ஆள் அதற்கப்புறம் ஒருதடவைகூட வரவில்லை.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே என் போன் செத்துவிட்டது, எடுக்க முடியாத அளவுக்கு. சரி, அவர்களிடம் படம் இருக்கிறதே என்று இருந்தேன். வந்து சேர்ந்த கோப்பில் பவர் சப்ளை பகுதி இவ்வளவுதான்:

```
U1      LM317
R1      240
R2      22k
C1      0.1uF
C2      10uF
C3      1uF
D1, D2  1N4007
```

டைமர் பகுதியும் இதே மாதிரிதான். இணைப்பு என்று ஒரு வரி இல்லை. கேட்டதற்கு வந்த பதில்: "இணைப்புகள் தங்கள் படத்தில் உள்ளன." படத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "வேலை முடிந்ததும் தனியுரிமை காரணமாக நீக்கிவிடுவோம். தேவைப்பட்டால் மீண்டும் பதிவேற்றவும்." இல்லாத படத்தை எங்கிருந்து பதிவேற்றுவது?

பாகப் பட்டியல் மட்டும் ஏன் குப்பை என்று பவர் சப்ளையை வைத்தே காட்டுகிறேன், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பகுதி அதுதான். LM317 தன் OUT காலை ADJ காலைவிட 1.25 வோல்ட் உயரத்தில் பிடித்து வைக்கும். R1 அந்த இரண்டு கால்களுக்கும் நடுவில், R2 ADJ-இலிருந்து கிரவுண்டுக்கு. கணக்கு இது:

```
VOUT = 1.25 * (1 + R2/R1)
```

நண்பர் போட்டது 240 ஓமும் 2.2 கிலோ ஓமும். சுமார் 12.7 வோல்ட் வரும். அதே இரண்டு ரெசிஸ்டரை இடம் மாற்றிப் போடுங்கள், லோடு இருக்கும்போது சுமார் 1.4 வோல்ட்டுதான். லோடு இல்லாவிட்டால் அந்த 1.4-கூட நிற்காது, மேலே ஏறிக்கொண்டு போகும், ஏனென்றால் இந்த ஐசி ஒழுங்காக வேலை செய்ய வெளியே சில மில்லி ஆம்பியர் ஓடியாக வேண்டும், 2.2 கிலோ ஓம் வழியாக அரை மில்லி ஆம்பியர்தான் ஓடும். பாகங்கள் அதே, மதிப்புகள் அதே, பட்டியலில் ஒரு எழுத்துகூட மாறாது. ஆனால் இரண்டும் வேறு வேறு சர்க்யூட்.

இதோடு அவர்கள் 2.2-ஐ 22 ஆக்கி வைத்திருந்தார்கள், பார்த்தீர்களா? போட்டோவில் புள்ளி மங்கியிருக்கும். 22 கிலோ ஓம் போட்டால் கணக்குப்படி 116 வோல்ட் வர வேண்டும். உள்ளே வருவதே 18 வோல்ட், அதனால் ரெகுலேட்டர் முழுக்கத் திறந்து 16-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். 12 வோல்ட் ரிலேயும் டைமரும் அதைத் தாங்க வேண்டும்.

கத்திக் கூப்பாடு போட்ட பிறகு "திருத்தப்பட்ட பதிப்பு" என்று ஒன்று வந்தது. படம் இல்லாமல் எதைப் பார்த்துத் திருத்தினார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. அதில் இப்படி இருந்தது:

```
U1: 1-IN, 2-GND, 3-OUT
D1: IN, OUT
```

முதல் வரி 7805-இன் கால் வரிசை. LM317-க்கு கிரவுண்டு கால் என்று ஒன்றே கிடையாது. டிஓ-220 உருவத்தில் 1 ADJ, 2 OUT, 3 IN. இரண்டு ஐசியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இதைப் பார்த்து அதை எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது வரி இன்னும் மோசம். டயோடு IN-க்கும் OUT-க்கும் நடுவில், சரி, கோடு போட்ட முனை எந்தப் பக்கம்? இந்த D1 சும்மா இருக்க வேண்டிய டயோடு. உள்ளே வரும் பக்கம் திடீரென்று ஷார்ட் ஆனால் வெளிப்பக்க கெப்பாசிட்டரில் இருக்கும் மின்சாரம் ஐசி வழியாகப் பின்னோக்கிப் பாயாமல் தடுக்க மட்டும்தான். அதற்குக் கோடு IN பக்கம் இருக்க வேண்டும்.

திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று பிரெட்போர்டில் போட்டே காட்டினேன். உள்ளே 18 வோல்ட் கொடுத்து, டயோடின் கோட்டை OUT பக்கம் வைத்து மீட்டரைத் தொட்டால் 17.3. ரெகுலேட்டர் என்று ஒன்று அங்கே இல்லாத மாதிரி மின்சாரம் டயோடு வழியாகவே நேராகப் போகிறது. மீட்டரோடு போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில்: "தங்கள் மீட்டரைச் சரிபார்க்கவும்." அதோடு டிக்கெட்டை மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தால் "ஒரு ஆர்டருக்கு ஒரு திருத்தம் மட்டுமே".

எனக்குத் தெரிந்த பகுதியில் இவ்வளவு தப்பு. பவர் சப்ளையை நான் தூக்கத்தில்கூட வரைந்துவிடுவேன். டைமர் பகுதி அப்படி இல்லை. அங்கே மதிப்புகள் நண்பர் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து நிறுத்தியவை, எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அந்தப் பட்டியலில் எது சரி எது தப்பு என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. ஆறாயிரம் கொடுத்தது அதற்குத்தான்.

எழுத்தில் வைப்பதென்றால் எப்படி வைக்க வேண்டும் என்று அதே பவர் சப்ளையைக் கீழே கொடுக்கிறேன். பாகத்தைப் பிடித்து எழுதக் கூடாது, சந்திப்பைப் பிடித்து எழுத வேண்டும். ஒரே கம்பியில் சேரும் கால்கள் எல்லாம் ஒரு வரி, அந்த வரிக்கு ஒரு பெயர்:

```
VIN : J1.+ C1.1 U1.IN D1.K
VOUT: U1.OUT R1.1 C3.+ D1.A D2.K J2.+
ADJ : U1.ADJ R1.2 R2.1 C2.+ D2.A
GND : J1.- C1.2 R2.2 C2.- C3.- J2.-
```

J1 உள்ளே வரும் கனெக்டர், J2 வெளியே போவது. K என்றால் டயோடில் கோடு போட்ட முனை, A மற்றது. கால்களை எண்ணால் எழுதாமல் IN, OUT என்று பெயரால் எழுதியிருக்கிறேன், எண் என்றால் 7805 கதைதான்.

சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பாகங்களின் கால்களை எண்ணுங்கள்: ஐசிக்கு 3, மற்ற ஒன்பது பாகங்களுக்கும் இரண்டிரண்டாக 18, ஆக 21. நான்கு வரிகளிலும் இருப்பவை 4, 6, 5, 6. கூட்டினால் அதே 21. ஒன்று குறைந்தால் ஏதோ ஒரு கால் அந்தரத்தில் தொங்குகிறது. ஒரு வரியில் ஒரே ஒரு கால் இருந்தாலும் அதுவும் தப்புதான், ஒற்றைக் காலுக்குச் சந்திப்பு ஏது?

ஆனால் டயோடு திரும்பியிருந்தாலும், R1-உம் R2-உம் இடம் மாறியிருந்தாலும் இந்த எண்ணிக்கையில் பிடிபடாது. 21 அப்படியே 21-ஆகத்தான் இருக்கும். அதனால் ஓடும் போர்டில் தொட முடிந்த இடங்களில் எல்லாம் வோல்ட்டை அளந்து வரிக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். VIN 18, VOUT 12.7, ADJ 11.5 என்று இருந்தால் கூட்டிக் கழித்துப் பார்க்கிறவன் உடனே கண்டுபிடிப்பான். என் போர்டில் எப்பாக்ஸிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கனெக்டர்கள் மட்டும்தான், அதனால் டைமர் பகுதிக்கு இதுவும் இல்லை.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், நான் கொடுத்த ஆறாயிரம் இன்னும் வரவில்லை. அவர்கள் காட்டும் மாதிரியை நம்பாதீர்கள், உங்கள் படத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மூலையை மட்டும் முதலில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். இணைப்பு வரிகளும் தருவோம் என்று சாட்டில் எழுதி வாங்குங்கள். படத்தை எப்போது அழிப்பார்கள் என்று கேளுங்கள். மதிப்பை 2k2 என்று எழுதுங்கள், 2.2k என்று வேண்டாம், புள்ளி முதலில் தொலைவது அங்கேதான்.

டைமரும் ரிலேயும் சேர்ந்த இந்த மாதிரி கண்ட்ரோலர் படம் யாரிடமாவது பழைய நோட்டில் இருந்தால் சொல்லுங்கள்.