15,000 வெள்ளி போகிறதே என்று 75,000 வெள்ளியை விட்டவர்: மறுவிற்பனை கொண்டோ வாங்குவோருக்கு எச்சரிக்கை

சிங்கப்பூரில் மறுவிற்பனை கொண்டோ வாங்க ஓடிபியில், அதாவது குறிப்பிட்ட நாளுக்குள் வீட்டை வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தரும் ஆப்ஷன் பத்திரத்தில், கையெழுத்துப் போடப் போகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். இப்படித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒருவர் வாங்க நினைத்த கொண்டோவின் விலை 1.5 மில்லியன் வெள்ளி. வழக்கம்போல் 1%, அதாவது 15,000 வெள்ளி, ஆப்ஷன் தொகையாக விற்பவர் கைக்குப் போனது. முடிவெடுக்க 14 நாள் அவகாசம். "லோன் கிடைக்கலன்னா காசு திரும்பி வந்துடும், கவலப்படாதீங்கண்ணே" என்றார் முகவர். ஓடிபியில் அப்படி ஒரு வரியும் இல்லை.

பத்தாம் நாள் வங்கியின் மதிப்பீடு வந்தது: 1.42 மில்லியன். விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதில்தான் வங்கி 75% வரை கொடுக்கும். எதிர்பார்த்த கடன் 1,125,000, கிடைப்பதோ 1,065,000. துண்டு விழுந்தது 60,000 வெள்ளி. "இப்ப விட்டா 15,000 போயிடும், எக்சர்சைஸ் பண்ணிடுங்க, வேற பேங்க்ல பாத்துக்கலாம்" என்று முகவரிடமிருந்து அடுத்த யோசனை வந்தது. எக்சர்சைஸ் என்றால் ஆப்ஷனைப் பயன்படுத்தி, வாங்குவதை உறுதிசெய்வது. அவரும் மீதி 4%, அதாவது 60,000 வெள்ளியைக் கட்டினார். வேறு எந்த வங்கியும் கூட்டித் தரவில்லை. பாக்கிப் பணத்தைக் கட்டி வீட்டைப் பெற வேண்டிய முடிப்பு நாள் தாண்டியது, விற்பவரின் வழக்கறிஞர் அனுப்பிய இறுதிக் கெடுவும் தாண்டியது. ஒப்பந்தம் ரத்தானது. 75,000 வெள்ளியும் விற்பவருக்கே.

அவர் தவறியது அந்தப் பத்தாம் நாளில். ஆப்ஷன் தொகை என்பது வீட்டை வேறு யாருக்கும் விற்காமல் 14 நாள் பிடித்துவைப்பதற்கான விலை. கெடு முடியும்வரை சும்மா இருந்தால் அது மட்டும்தான் போகும். விற்பவர் அதற்குமேல் ஒரு வெள்ளிகூடக் கேட்க முடியாது. எக்சர்சைஸ் செய்த நொடியில் அது விற்பனை ஒப்பந்தமாகிவிடுகிறது. முதலில் கொடுத்த 1% உட்பட மொத்த 5%-உம் வாக்கைக் காப்பதற்கான பிணைப் பணம். வாங்குபவர் பின்வாங்கினால், தனக்கு நட்டம் எவ்வளவு என்று நிரூபிக்காமலே விற்பவர் அதை எடுத்துக்கொள்ளலாம். நியாயமான அளவில் உள்ள உண்மையான பிணைப் பணத்துக்கு, அபராத ஷரத்து செல்லாது என்ற விதி பொருந்தாது என்று 2017-இல் ஹோன் சின் கோங் வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது. எனவே 'அநியாயம்' என்று வாதாடிப் பயனில்லை.

அதோடும் முடியாமல் போகலாம். அதே வீடு பிறகு 1.4 மில்லியனுக்கே விலைபோனால் விற்பவரின் நட்டம் 100,000. கையில் உள்ள 75,000-ஐக் கழித்து, மீதி 25,000-க்கு அவர் வழக்குப் போடலாம்.

பணம் திரும்பும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஓடிபி கொடுப்பதற்கு முன், விலை பேசும்போதே கொடுத்த காசோலை என்றால், விற்பவர் ஓடிபி தராவிட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும். அங்கே ஒப்பந்தமே இல்லை. எக்சர்சைஸ் செய்தபின், அரசாங்கத் துறைகளிடம் வழக்கறிஞர் கேட்ட விசாரணைகளுக்குப் பாதகமான பதில் வந்தால், அதற்கான ஷரத்து ஓடிபியில் இருக்கும்பட்சத்தில் 5%-உம் திரும்பும். விற்பவரே முடிக்க மறுத்தால் பணத்தோடு நட்ட ஈடும் கேட்கலாம், வீட்டையே தரச் சொல்லியும் வழக்காடலாம். ஆனால் பணம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 4% பெரும்பாலும் விற்பவரின் வழக்கறிஞருடைய தனிக் கணக்கில், இரு தரப்புக்கும் பொதுவாக நிற்கும். முதல் 1% விற்பவரின் வங்கிக் கணக்குக்குப் போய் எப்போதோ செலவாகியிருக்கும். சட்டப்படி உங்களுடையது என்றாலும் துரத்தித்தான் வாங்க வேண்டும்.

இந்தக் கணக்கை மற்ற வீடுகளுக்குப் போடாதீர்கள். வீவக மறுவிற்பனையில் ஆப்ஷன் தொகை 1,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது, எக்சர்சைஸ் தொகையும் சேர்த்து 5,000-ஐத் தாண்டக்கூடாது, அவகாசம் 21 நாள். கட்டுமான நிறுவனத்திடம் புதிய கொண்டோவுக்கு 5% முன்பதிவு கட்டி, விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் விலகினால், கட்டியதில் கால்வாசி போகும், முக்கால்வாசி திரும்பும்.

மறுவிற்பனை கொண்டோவுக்குக் காசோலை எழுதுமுன் வங்கியிடம் ஒப்புதல் மட்டும் வாங்காமல், அந்த வீட்டுக்கே உத்தேச மதிப்பீடு கேளுங்கள். 'கடன் போதாவிட்டால் ஆப்ஷன் தொகை திருப்பித் தரப்படும்' என்ற வரியை ஓடிபியிலேயே எழுதச் சொல்லுங்கள். பல விற்பவர்கள் மறுப்பார்கள். மறுத்தால் முகவரின் வாய்வார்த்தைக்கு என்ன மதிப்பு என்பது அப்போதே தெரிந்துவிடும். காசோலை விற்பவர் பெயரில் இருக்கட்டும். சிங்கப்பூரில் வீடு வாங்கி விற்கும் பணத்தை முகவர் கையாளவே விதி இடம் தருவதில்லை.