ஊரில் மாட்டிய ஹோல்ட்டரும் இரண்டு விதமான கணக்கும்

இந்த முறை ஊருக்குப் போனபோது இதயத் துடிப்பு அடிக்கடி தவறுவதுபோல் இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது, குறிப்பாக இரவில் படுத்ததும், ஒரு துடிப்பு காணாமல் போய், அடுத்தது நெஞ்சில் 'திம்' என்று விழும். வெளிநாட்டில் நான் இருக்கும் இடத்தில் இதற்காக இதய மருத்துவரைப் பார்க்க நீண்ட நாள் காத்திருக்க வேண்டும். ஊரில் ஒரே காலையில் ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்ட்டர் கருவியையும் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பிவிட்டார்கள். வேகத்தில் குறை சொல்ல இடமில்லை. அறிக்கையில்தான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் பார்த்த டாக்டர் நிதானமானவர். ஈசிஜி தாளிலேயே விஷயத்தைக் காட்டினார். வரிசையாக ஒல்லியான துடிப்புகள், நடுவில் ஒன்று மட்டும் அகலமாக, முன்கூட்டியே வந்து நிற்கிறது. அதுதான் பிவிசி. வழக்கமான துடிப்பு மேலறையிலுள்ள சைனஸ் கணுவிலிருந்து கிளம்பும். இதுவோ கீழறையின் ஏதோ ஓர் இடத்திலிருந்து அவசரப்பட்டுக் கிளம்பிவிடுகிறது. அப்போது கீழறையில் ரத்தம் சரியாக நிரம்பியிருக்காது. அதனால் அந்தத் துடிப்பு நாடியில் தெரிவதே இல்லை, அல்லது லேசாகத் தெரியும். அப்புறம் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் ரத்தம் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக அடிக்கிறது. ஆக, துடிப்பு நின்றுபோனதாக நாம் நினைக்கும் நேரத்தில் உண்மையில் ஒரு துடிப்பு அதிகப்படியாக, சீக்கிரமே வந்து போயிருக்கிறது.

விரலில் மாட்டும் கருவியில் ஒருநாள் நாடி 38 என்று காட்டி என்னைப் பயமுறுத்தியதற்கும் இதே காரணம்தான். ஒரு சாதாரணத் துடிப்பு, ஒரு பிவிசி என்று மாறி மாறி வந்தால், விரலுக்கு ஒன்றுவிட்டு ஒன்றுதான் எட்டும். இதயம் 76 முறை துடித்தாலும் கருவி பாதியைத்தான் எண்ணும்.

இது பயப்படக்கூடியதா இல்லையா என்பதற்கு டாக்டர் பார்த்தது எண்ணிக்கையை மட்டுமல்ல. மயக்கம் போட்டு விழுந்தேனா, ஓடும்போதோ மாடி ஏறும்போதோ அதிகமாகிறதா, குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். எனக்கு எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். மற்றபடி ஈசிஜி சரியாக இருந்தது. எக்கோவில் இதயத் தசையும் வால்வுகளும் நன்றாக இருந்தன. பொட்டாசியமும் தைராய்டும் சரியான அளவில். நடக்கும்போது குறைந்து, ஓய்வில் கூடும் பிவிசி, இதயம் ஆரோக்கியமாக இருப்பவருக்குப் பெரும்பாலும் தொந்தரவுதானே தவிர ஆபத்து இல்லை என்றார். இந்தப் பதில்களில் ஒன்று மாறியிருந்தாலும், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும்கூட, வேறு விதமாக யோசிப்பாராம்.

அப்படியென்றால் எதற்கு ஹோல்ட்டர்? இதயம் நன்றாக இருந்தாலும், பிவிசி மிக அதிகமாக இருந்து நீண்ட காலம் தொடர்ந்தால் சிலருக்குக் கீழறைத் தசை பலவீனமாகலாம். அதற்குத்தான் பர்டன் என்ற கணக்கு: பதிவான மொத்தத் துடிப்புகளில் நூற்றுக்கு எத்தனை பிவிசி. 10 சதவீதத்துக்குக் கீழே இந்தப் பலவீனம் வருவது அரிது. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 24 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களிடம்தான் இது தெளிவாகக் கூடியது. அதற்காக 24 என்பது ஒரு கோடு இல்லை. 23 இருந்தால் நிம்மதி, 25 இருந்தால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மாட்டிவிட்ட டெக்னீஷியன் பெண், "துடிப்பு தவறுறமாதிரி இருந்தா இந்த பட்டனை அழுத்துங்க சார், நேரத்தையும் எழுதி வைங்க" என்றார். அந்தக் குறிப்பு உண்மையிலேயே பயன்பட்டது. அழுத்திய நேரங்களில் பெரும்பாலும் பிவிசி இருந்தது. ஆனால் நான் உணராமல் போனவை அதைவிடப் பல மடங்கு.

அறிக்கை மறுநாளே கிடைத்தது. முதல் பக்கத்தில் `VE Total: 6630` என்று பெரிதாக இருந்தது, அதாவது மொத்த பிவிசி எண்ணிக்கை. மருந்து வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்கும்படி கீழே ஒரு வரி. சதவீதம் எங்கும் இல்லை. எத்தனை மணிநேரம் பதிவானது என்பதும் இல்லை. 6,630 என்ற எண்ணைப் பார்த்தால் யாருக்கும் அடிவயிறு கலங்கும். ஆனால் ஒரு நாளில் இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. மொத்தம் தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

மணிவாரி அட்டவணையையும் ஈசிஜி துண்டுகளையும் கேட்டேன். முதலில் தயங்கினார்கள், பிறகு கொடுத்தார்கள். அதை எடுத்துப் பார்த்த டாக்டர் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்தார். இரவில் எலக்ட்ரோடு ஒன்று கழன்றதால், 24 மணிநேரம் மாட்டியிருந்தும் சுமார் 18 மணிநேரப் பதிவுதான் தேறியது. கழல்வதற்கு முந்தைய ஒரு மணிநேரத்தில் மட்டும் பிவிசி எண்ணிக்கை திடீரென்று எகிறியிருந்தது. துண்டுகளைப் பார்த்தால் அது பிவிசியே இல்லை. தளர்ந்த எலக்ட்ரோடு உரசியதில் கிளம்பிய இரைச்சலை மென்பொருள் அகலமான துடிப்பு என்று எண்ணியிருக்கிறது.

கணக்கு இப்படி மாறியது. கருவி எண்ணிய மொத்தம் 79,950, அதில் பிவிசி 6,630, அதாவது 8.3 சதவீதம். இரைச்சலாக வந்த 1,950ஐ இரண்டிலிருந்தும் கழிக்க வேண்டும், ஏனென்றால் அவை துடிப்புகளே அல்ல. மிஞ்சுவது 78,000 துடிப்பில் 4,680 பிவிசி. சரியாக 6 சதவீதம். கோப்பில் 6,630ஐ மட்டும் எழுதிவைத்து, அடுத்த முறை முழு 24 மணிநேரப் பதிவோடு ஒப்பிட்டிருந்தால், கூடியதா குறைந்ததா என்பதே தப்பாகப் போயிருக்கும். எண்ணும் முறையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அடுத்தடுத்து இரண்டு பிவிசி வந்தால் அது ஒரு ஜோடி, ஆனால் பர்டன் கணக்கில் இரண்டாகத்தான் சேரும். ஜோடிகளின் எண்ணிக்கையைத் தனியாக எழுதியிருப்பதைப் பார்த்து அதை ஒன்று என்று கூட்டிவிடக் கூடாது. எனக்கு ஜோடிகள் குறைவு. மூன்றோ அதற்கு மேலோ தொடர்ந்து வந்த இடம் எதுவும் இல்லை.

அந்த 6 சதவீதத்தையும் நிரந்தரமானதாக எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். அதே ஆளுக்கு ஒருநாள் 2, இன்னொரு நாள் 12 என்று மாறுவது சகஜமாம். எல்லைக்கு அருகில் இருப்பவர்களுக்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஒட்டிக்கொள்ளும் பேட்ச் பதிவு நம்பகமானது. எனக்கு இப்போதைக்கு மருந்து எதுவும் எழுதவில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு பிவிசியை அடக்கக் கொடுத்த சில மருந்துகளால் மரணம் அதிகமானது 1989இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் தெரிந்ததாம். அதனால் எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் மருந்து தருவதில்லை என்றார். தொந்தரவு தாங்காவிட்டால் பீட்டா பிளாக்கர் பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து எக்கோவும் ஒரு ஹோல்ட்டரும் எடுக்கச் சொன்னார்.

திரும்பி வந்து இங்குள்ள மருத்துவரிடம் முதல் பக்கத்தைக் கொடுக்கவில்லை. மணிவாரி அட்டவணை, துண்டுகள், தேறிய மணிநேரம், திருத்திய மொத்தம் எல்லாவற்றையும் கொடுத்தேன். அவர் சந்தேகமான துண்டுகளை மறுபடி பார்த்துவிட்டு அதே 6 சதவீதத்தைக் கோப்பில் எழுதினார், பக்கத்தில் "18 மணிநேரம்" என்று குறித்து. அடுத்த பதிவை இங்கேயே பேட்ச் கருவியில் எடுப்பதாக முடிவு.