கல்யாண இலைக் கணக்கு: நோட்டா, வாட்ஸ்அப்பா, ஷீட்டா, செயலியா?

கல்யாண வீட்டில் விருந்தினர் கணக்கு எதற்கு என்றால், கடைசியில் மூன்று எண்களுக்காகத்தான். முதல் நாள் இரவு வரவேற்பு விருந்துக்கு எத்தனை இலை, மறுநாள் காலை டிபனுக்கு எத்தனை, முகூர்த்தச் சாப்பாட்டுக்கு எத்தனை. இந்த மூன்றும் ஒன்றாக இருப்பதே இல்லை. உள்ளூர்க்காரர்கள் இரவு வரவேற்புக்கு வந்து மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வெளியூர் சொந்தங்கள் மூன்று வேளையும் இருப்பார்கள். அலுவலக நண்பர்கள் இரவு மட்டும், தெருக்காரர்கள் பகல் மட்டும். ஆகவே ஒரு குடும்பத்துக்கு ஓர் எண் போதாது, வேளைக்கு ஓர் எண் என மூன்று வேண்டும். எந்த முறை இதைத் தாங்குகிறது என்பதை வைத்தே இங்கே நான்கையும் எடைபோடுகிறேன்.

முதலில் நோட்டு. இதைப் பழசு என்று ஒதுக்கக் கூடாது. அழைப்பாளர் பட்டியல் பிறப்பதே நோட்டில்தான்: வீட்டில் முன்பு நடந்த விசேஷங்களின் மொய் நோட்டை எடுத்து, யார் யார் வந்து எழுதினார்கள் என்று பார்த்தால் விட்டுப்போகும் பெயர்கள் பாதி அகப்பட்டுவிடும். பத்திரிகை வைக்கப் போகும்போது கையில் இருப்பதும் அதுவே. திண்ணையில் உட்கார்ந்து பேசியபடியே ஒரு வரி குறித்துக்கொள்ள இதைவிட வசதியானது வேறில்லை. சிக்கல் கூட்டும்போதுதான் வரும். பெரியப்பா வீட்டில் நாலு பேர் என்று எழுதியதை ஆறாக மாற்றும்போது, பழைய எண்ணின் மேலேயே எழுதிவிடுகிறோம். பக்கத்தின் அடியில் போட்ட கூட்டுத்தொகை பழையபடியே நிற்கிறது. நோட்டு மட்டும் போதும் என்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கடைப்பிடித்தால் நல்லது. பழைய எண்ணை ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் புதியதை எழுதுவது ஒன்று. பக்கக் கூட்டலைக் கடைசி வாரம் வரை பென்சிலில் வைத்திருப்பது இன்னொன்று. எண்பது, நூறு குடும்பங்கள் வரை நோட்டு தாங்கும். அதற்கு மேல், மாப்பிள்ளை வீட்டார் தனி நோட்டு, பெண் வீட்டார் தனி நோட்டு என்று ஆனதும், இரு பக்கத்துக்கும் பொதுவான ஆட்கள் இரண்டு முறை எண்ணப்படுவதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வாட்ஸ்அப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். குழுவில் வாக்கெடுப்பு வைத்தால் ஒரு போனுக்கு ஒரு பதில்தான் விழும். அந்தப் போனுக்குப் பின்னால் ஐந்து பேர் வருகிறார்களா, ஒருவர் வருகிறாரா என்பது தெரியாது. கணவனும் மனைவியும் தனித்தனியே அழுத்தினால் ஒரே குடும்பம் இரண்டாகிவிடும். பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக அனுப்பினாலோ, உங்கள் எண்ணைச் சேமித்து வைக்காதவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. பத்திரிகையும் மண்டபத்துக்கு வரும் வழியும் அனுப்ப வாட்ஸ்அப் மிக நல்லது. எண்ணிக்கைக்கு அதை நம்ப வேண்டாம்.

அடுத்து கூகுள் ஷீட். நம் ஊர்க் கல்யாணத்துக்கு நான் கை நீட்டிச் சொல்வது இதைத்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. குடும்பத் தலைவர் பெயர், பெண் வீடா மாப்பிள்ளை வீடா, ஊர், போன் எண், அழைத்த நபர்கள், பதில், பிறகு மூன்று வேளைக்கு மூன்று பத்தி, கடைசியில் மேசை எண். பதில் பத்தியில் கையால் தட்டச்சு செய்ய விடாமல், ‘வருகிறார்’, ‘இல்லை’ என்ற இரண்டை மட்டும் தேர்ந்தெடுக்கும்படி கீழ்விரி பட்டியல் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் ‘வருகிறார்’ என்றும் இன்னொருவர் ‘வர்றாங்க’ என்றும் எழுதி வைப்பார்கள், சூத்திரம் ஒன்றை மட்டும்தான் எண்ணும். பதில் வராத கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். அங்கே 0 போடக் கூடாது, ‘வரவில்லை’ என்பதும் ‘இன்னும் கேட்கவில்லை’ என்பதும் வேறு வேறு.

280 குடும்பங்கள் உள்ள ஒரு பட்டியலை வைத்துக்கொள்வோம். F பத்தியில் பதில், G-யில் இரவு விருந்து, H-இல் டிபன், I-இல் முகூர்த்தச் சாப்பாடு. மேலே தேவைப்படுவது இவ்வளவுதான்:

```
=COUNTIF(F2:F281,"வருகிறார்")
=COUNTBLANK(F2:F281)
=SUMIF(F2:F281,"வருகிறார்",G2:G281)
=COUNTA(G2:G281)-COUNT(G2:G281)
```

முதல் வரி வருவதாகச் சொன்ன குடும்பங்கள், இரண்டாவது இன்னும் கேட்க வேண்டியவர்கள், மூன்றாவது இரவு விருந்துக்கான தலைகள். நான்காவது வரியைத்தான் பலரும் போடுவதில்லை, அதுதான் கணக்கைக் காப்பாற்றுகிறது. யாராவது கட்டத்தில் ‘4 பேர்’ என்றோ ‘4+1’ என்றோ எழுதிவிட்டால் ஷீட் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. பிழை என்றும் சொல்லாது, கூட்டும்போது சத்தமில்லாமல் விட்டுவிடும். நான்காவது வரியின் விடை 0 என்று இருந்தால் எல்லாம் எண்கள். 3 என்று இருந்தால் மூன்று வீட்டாருக்கு இலை இல்லை. கண்ணாலும் பிடிக்கலாம்: எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப் போனவை இடப்பக்கம் நிற்கும்.

இரட்டைப் பதிவைப் பிடிக்க போன் எண்தான் வழி. பெயரை நம்ப முடியாது, ‘முருகேசன் மாமா’ ஒரு பக்கத்தாருக்கு மாமா, இன்னொரு பக்கத்தாருக்கு ‘பேங்க் முருகேசன்’. போன் பத்தி D என்றால் `=COUNTIF(D$2:D$281,D2)` என்று பக்கத்தில் இழுத்துவிட்டால், 2 என்று வரும் இடமெல்லாம் இருமுறை வந்தவர்கள். ஆனால் ஒருவர் +91 போட்டும் இன்னொருவர் போடாமலும் எழுதியிருந்தால் இது பிடிபடாது. பத்து இலக்கம் மட்டும், நடுவில் இடைவெளி இல்லாமல் என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். கூடவே இன்னொன்று: இவ்வளவு பேரின் போன் எண் உள்ள ஷீட்டை ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று திறந்து வைக்காதீர்கள். தேவையான நாலைந்து பேரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

கூகுள் படிவம் அனுப்பிப் பதில் வாங்கலாமே என்றால், இளவட்டத்துக்குச் சரி. பெரியவர்களிடம் பத்திரிகை வைத்த பிறகு படிவம் அனுப்பி நிரப்பச் சொல்வது மரியாதைக் குறைவாகப் படும். அவர்களுக்குப் போன்தான். அதிலும் ‘வருவீங்களா?’ என்று கேட்டால் எல்லாரும் ‘கண்டிப்பா வர்றோம்’ என்றுதான் சொல்வார்கள், அது மரியாதைக்கான பதில். ‘சித்தப்பா, ராத்திரியே வந்துடுறீங்களா, காலைல நேரா மண்டபத்துக்கா? எத்தனை பேர்னு சொன்னா ரூம் போட்டுடுவேன்’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இல்லப்பா, சித்திக்கு முட்டிவலி, நானும் தம்பியும் மட்டும் காலைல வந்துட்டு சாயங்காலம் பஸ் ஏறிடுவோம்’ என்று உண்மையான எண்ணும் வேளையும் சேர்ந்தே வரும். கேட்ட கையோடு ஷீட்டில் இரவுக்கு 0, டிபனுக்கு 2, பகலுக்கு 2.

இனிக் கணக்கைக் கடைசிவரை கொண்டுபோகலாம். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு 190 குடும்பங்கள் வருவதாகவும் 40 இல்லை என்றும் சொல்லியாகிவிட்டது, 50 குடும்பங்களிடமிருந்து பதில் இல்லை. சொன்னவர்களின் இரவுக் கூட்டல் 520. பதில் சொல்லாத 50 குடும்பங்களுக்கும் அழைத்த நபர்கள் 160. இவர்களைப் பூஜ்யமாக விடவும் கூடாது, முழுதாகச் சேர்க்கவும் கூடாது. ஊர் பத்தியைப் பார்த்து, உள்ளூர்க்காரர்களை அதிகமாகவும் தூரத்து ஊர்க்காரர்களைக் குறைவாகவும் எடுத்தால் இரவுக்கு 80 என்று வைக்கலாம். இத்துடன் பட்டியலில் பெயரே இல்லாமல் சாப்பிடுபவர்களைச் சேர்க்க வேண்டும்: மேளக்காரர்கள், போட்டோ, வீடியோ ஆட்கள், வேன் ஓட்டுநர்கள், அலங்காரக்காரர்கள், மண்டப ஊழியர்கள். ஒரு 35. ஆக 635 இலை. டிபனுக்கும் பகலுக்கும் இதே போல் தனித்தனியே போட வேண்டும்.

சமையல் கான்ட்ராக்டரிடம் 635 என்று அப்படியே சொல்லக் கூடாது. பெரும்பாலும் பேச்சு எப்படி இருக்கும் என்றால், நீங்கள் உறுதி சொன்ன எண், விழுந்த இலைகளின் எண், இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம். ஆகவே 600-க்கு உறுதி சொல்லி, 650 வரை சமாளிக்கும்படி பொருள் வைத்திருக்க முடியுமா, மேலே விழும் இலைக்கும் அதே விலைதானா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதுதான் சரி. இப்படிப் பேசுவதற்கே ஷீட்டில் பதில் சொன்னவர்களின் எண்ணும் நாம் ஊகித்த எண்ணும் தனித்தனியே இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது.

உட்காரும் இடத்துக்கு வருவோம். நம் மண்டபங்களில் மேசை ஒதுக்கீடு என்பது பந்திக் கணக்குதான். டைனிங் ஹாலில் 180 பேர் உட்காரலாம் என்றால் `=ROUNDUP(635/180,0)`, நான்கு பந்தி. பந்திக்கு 40 நிமிடம் என்றால் ஏழரைக்குத் தொடங்கி பத்து மணி தாண்டும். கடைசிப் பந்தியில் 95 பேர்தான் மீதி, அதில் வீட்டாரும் வேலையாட்களும் அடங்கிவிடுவார்கள். வயதானவர்களையும் சர்க்கரை நோய் உள்ளவர்களையும் முதல் பந்தியில் அமர்த்த, ஷீட்டில் அவர்கள் பெயருக்கு நேரே ‘1’ என்று குறித்து, அந்தப் பட்டியலைப் பந்தி விசாரிப்பவர் கையில் அச்செடுத்துக் கொடுத்தால் போதும். யார் யாருக்குப் பக்கத்தில் என்று யாரும் இங்கே தீர்மானிப்பதில்லை.

திருமணச் செயலிகள் தோற்பதும் ஜெயிப்பதும் இந்த இடத்தில்தான். சோலா, ஜாய் போன்றவை அமெரிக்கக் கல்யாணத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பெயர் பெயராக அழைப்பு, பெயர் பெயராகப் பதில், அவரவர்க்கு ஒரு நாற்காலி. ‘மாமா வீட்டிலிருந்து ஏழெட்டுப் பேர்’ என்பதை அவற்றுக்குப் புரியவைக்க, எட்டுப் பெயர்களை நாமே உருவாக்க வேண்டியிருக்கிறது. 280 குடும்பங்களுக்கு அது ஆகிற காரியமில்லை. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, கனடாவில் வட்ட மேசைக்குப் பத்துப் பேர் என்று அமர்த்தி விருந்து வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நிலைமையே வேறு. அங்கே மண்டபத்துக்குக் கொடுக்க வேண்டியது மேசை வாரியான பட்டியல். நாலு பேர் குடும்பம் ஒன்றும் மூன்று பேர் குடும்பங்கள் இரண்டும் சேர்ந்தால் மேசை நிறையும். நாலு பேர் குடும்பங்கள் மூன்று சேர்ந்தால் இரண்டு பேர் வெளியே நிற்பார்கள். இதைத் திரையில் இழுத்து வைத்துப் பார்ப்பது செயலியில் சுலபம். சைவமா அசைவமா என்பதும் பெயரோடு ஒட்டி வருவதால், பரிமாறுபவருக்கு எந்த மேசையில் எத்தனை சைவத் தட்டு என்று தெரிந்துவிடும். ஷீட்டிலும் மேசை எண் J பத்தியில் இருக்க, L பத்தியில் மேசை எண்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் `=SUMIF(J$2:J$281,L2,G$2:G$281)` என்று மேசைக்குக் கூட்டி, 10-ஐத் தாண்டினால் சிவப்பாகும்படி வைக்கலாம். ஆனால் இருபது மேசைக்கு மேல் போனால் செயலிக்கே என் ஓட்டு.

இலை போட்டுச் சாப்பாடு என்றால் ஷீட், வட்ட மேசை என்றால் செயலி, இரண்டிலும் பத்திரிகை வைக்கப் போகும்போது கையில் நோட்டு. விருந்து அன்று ஷீட்டில் இன்னும் நான்கு கட்டங்கள் வேண்டும், பந்திக்கு ஒன்று. ஒவ்வொரு பந்தியிலும் பரிமாறத் தொடங்குமுன், வீட்டு ஆள் ஒருவரும் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவரும் சேர்ந்து நடந்து, போட்ட இலைகளை எண்ணி அந்தக் கட்டத்தில் எழுதிவிட வேண்டும். ஆள் உட்காராத வெற்று இலையை அப்போதே சுருட்டி எடுத்துவிட்டால் அது கணக்கில் ஏறாது. எல்லாம் முடிந்து இலைக்கட்டில் மீதியை எண்ணிக் கழித்துக்கொள்ளலாம் என்று விட்டால், டிபனுக்கு எடுத்த இலையும் கிழிந்து ஒதுக்கிய இலையும் இரவுக் கணக்கில்தான் வந்து விழும்.