முழு அசோசியேட்டிவா, 8-வழி செட் அசோசியேட்டிவா: ஒரு 32 கே.பி. கேஷில் கூடுதல் விலை எங்கே விழுகிறது?

கேஷ் நினைவகத்தில் ஒரு வரியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று முழு அசோசியேட்டிவ் அமைப்பு தரும் சுதந்திரத்துக்கு விலை உண்டு என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அந்த விலையை ஒப்பீட்டுச் சுற்றுகளின் எண்ணிக்கையில் காட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகின்றன. எண்ணிக்கை சரிதான். ஆனால் முழு அசோசியேட்டிவ் கேஷை வீழ்த்துவது அதுவல்ல என்பது என் கணிப்பு. அதைச் சரிபார்க்க ஒரே அளவுள்ள இரண்டு கேஷ்களை எடுத்துக்கொள்வோம்.

அளவு 32 கே.பி., ஒரு வரிக்கு 64 பைட், ஆக மொத்தம் 512 வரிகள். இன்டெலின் ஸ்கைலேக் கோர்களில் இருக்கும் முதல்நிலைத் தரவு கேஷ் இதே அளவுதான். அது 8-வழி அமைப்பு: ஒரு வரி தன் முகவரி காட்டும் செட்டில் உள்ள எட்டு இடங்களில் ஒன்றில் மட்டுமே அமரலாம். இயற்பியல் முகவரி 40 பிட் என்று வைத்துக்கொள்வோம். 8-வழி அமைப்பில் 64 செட்டுகள் இருக்கும். முகவரியின் கடைசி 6 பிட்டுகள் வரிக்குள் எந்த பைட் என்பதைச் சொல்கின்றன, அடுத்த 6 பிட்டுகள் எந்தச் செட் என்பதைச் சொல்கின்றன, மீதி 28 பிட்டுகள் வரியை அடையாளம் காட்டும் டேக் ஆகின்றன. முழு அசோசியேட்டிவ் அமைப்பில் செட் எண் என்பதே இல்லாததால் அந்த 6 பிட்டுகளும் டேகில் சேர்ந்து, டேக் 34 பிட்டாக நீள்கிறது.

8-வழி அமைப்பில் ஒரு தேடலுக்கு எட்டு டேகுகளை மட்டும் படித்து ஒப்பிட்டால் போதும். அது 8 × 28, அதாவது 224 பிட் ஒப்பீடு. முழு அசோசியேட்டிவ் அமைப்பிலோ 512 டேகுகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிட வேண்டும்; அது 512 × 34, அதாவது 17,408 பிட் ஒப்பீடு. ஏறத்தாழ 78 மடங்கு. இந்த இடத்தில் நின்றுவிட்டால் வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் 512 தனித்தனி ஒப்பீட்டுச் சுற்றுகளை யாரும் வரிசையாக அடுக்கிவைப்பதில்லை. ஒப்பீடு நினைவகச் செல்லுக்குள்ளேயே நடக்கும்படி அமைத்த சி.ஏ.எம். என்ற உள்ளடக்க முகவரி நினைவகத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். சாதாரண எஸ்.ரேம் செல்லில் 6 டிரான்சிஸ்டர்கள் இருக்கும். பரவலாகப் பயன்படும் நார் வகை சி.ஏ.எம். செல்லில் ஒப்பீட்டுக்காக மேலும் 4 சேர்ந்து 10 இருக்கும். கணக்குப் போட்டால், முழு அசோசியேட்டிவ் டேகுகளுக்கு 17,408 × 10, அதாவது 1,74,080 டிரான்சிஸ்டர்கள். 8-வழி டேகுகளுக்கு 14,336 × 6, அதாவது 86,016. அதோடு எட்டு ஒப்பீட்டுச் சுற்றுகளுக்கான சில ஆயிரங்கள். வேறுபாடு ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டு அமைப்புக்கும் பொதுவான தரவுப் பகுதி மட்டுமே 15,72,864 டிரான்சிஸ்டர்களை எடுத்துக்கொள்ளும்போது, கூடுதல் செலவு அதில் 6 விழுக்காட்டுக்கும் குறைவு. சி.ஏ.எம். செல்லின் பரப்பும் கம்பிகளும் இந்த எண்ணிக்கை காட்டுவதைவிடச் சற்று அதிக இடம் பிடிக்கும் என்றாலும், 78 மடங்கு என்ற அச்சுறுத்தல் சிலிக்கான் பரப்பில் அப்படியே வந்து நிற்பதில்லை.

அது வந்து நிற்கும் இடம் ஒவ்வொரு தேடலுக்கும் செலவாகும் ஆற்றல். நார் வகைச் செல்கள் உள்ள வரிசையில், ஒவ்வொரு டேகுக்கும் ஒரு பொருத்தக் கம்பி உண்டு. தேடலுக்கு முன் எல்லாப் பொருத்தக் கம்பிகளிலும் மின்னழுத்தம் ஏற்றப்படுகிறது. பிறகு தேடும் முகவரியின் பிட்டுகள் செங்குத்தான தேடல் கம்பிகளில் செலுத்தப்படுகின்றன. ஒரு பிட் பொருந்தாவிட்டாலும் அந்தச் செல் தன் பொருத்தக் கம்பியை வடியவிடும். எல்லாப் பிட்டும் பொருந்திய கம்பி மட்டும் ஏற்றியபடி நிற்கும். அதாவது தேடிய வரி கிடைத்தாலும்கூட 511 கம்பிகள் வடிகின்றன, அடுத்த தேடலுக்கு அவற்றை மீண்டும் ஏற்ற வேண்டும். பொருந்தாததற்கே ஆற்றலைச் செலவழிக்கும் அமைப்பு இது. போதாக்குறைக்கு, 34 பிட்டுகளுக்கும் இணை இணையாக ஓடும் தேடல் கம்பிகள் 512 வரிகளையும் கடந்தாக வேண்டும். அந்த நீளத்தின் மின்தேக்கத்தை ஒவ்வொரு முறையும் இயக்க வேண்டும். செல்களைத் தொடராக இணைக்கும் நேண்ட் வகையில் பெரும்பாலும் பொருந்திய கம்பி மட்டுமே வடியும் என்பதால் ஆற்றல் மிச்சமாகும். ஆனால் 34 டிரான்சிஸ்டர்கள் கொண்ட தொடர் வழியாக மின்னோட்டம் போக வேண்டியிருப்பதால் வேகம் போய்விடும்.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது, கம்பி நீளத்தைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு காரணம் இருக்கிறது. மேலே சொன்ன 8-வழி அமைப்பில் செட் எண்ணும் பைட் எண்ணும் சேர்ந்து 12 பிட். 4 கே.பி. பக்கத்துக்குள் இருக்கும் இடத்தைக் குறிப்பதும் அதே 12 பிட்தான். மெய்நிகர் முகவரியை இயற்பியல் முகவரியாக மாற்றும்போது இந்த 12 பிட்டுகள் மாறுவதில்லை. ஆகவே அண்மைய முகவரி மாற்றங்களை நினைவில் வைத்திருக்கும் டி.எல்.பி. முகவரியை மாற்றிக்கொண்டிருக்கும்போதே கேஷ் தன் செட்டைத் திறந்து எட்டு டேகுகளையும் எட்டுத் தரவுகளையும் படித்துத் தயாராக வைத்துக்கொள்ளலாம். இயற்பியல் முகவரி வந்ததும் ஒப்பீடு மட்டுமே மீதம். இயற்பியல் டேகுகள் உள்ள முழு அசோசியேட்டிவ் கேஷில் இப்படி முன்கூட்டித் தொடங்க எதுவுமே இல்லை. தேடலே முழு டேகில்தான் தொடங்குகிறது என்பதால், டி.எல்.பி. முடியும்வரை கை கட்டி நிற்க வேண்டும்.

வெளியேற்றுவதற்கான வரியைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே நிலைதான். எட்டு வரிகளின் பயன்பாட்டு வரிசையை மரவடிவத் தோராய முறையில் வைத்துக்கொள்ள ஒரு செட்டுக்கு 7 பிட் போதும். 512 வரிகளின் துல்லியமான வரிசையை அணி முறையில் வைத்துக்கொள்ள 1,30,816 பிட்டுகள் வேண்டும். அது டேகுகளையே விழுங்கிவிடும். ஆகவே பெரிய முழு அசோசியேட்டிவ் அமைப்புகள் சுழற்சி முறைக்கோ, போலித் தற்செயல் முறைக்கோ இறங்கிவர வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் கொடுத்து வாங்குவது என்ன? செட் மோதலிலிருந்து விடுதலை. கீழே உள்ள நிரல் துண்டில் ஒவ்வொரு வரிசையும் 4096 பைட் தள்ளி இருக்கிறது. அது 64 செட் × 64 பைட் என்ற கணக்கோடு பொருந்துவதால் 16 வரிசைகளும் ஒரே செட்டில் போய் விழுகின்றன.

```c
volatile char m[16][4096];
for (int j = 0; j < 4096; j++)
    for (int i = 0; i < 16; i++)
        sum += m[i][j];
```

எட்டு இடங்களில் 16 வரிகள் சுற்றிவருகின்றன. நீண்ட நேரம் தொடப்படாததை வெளியேற்றும் எல்.ஆர்.யு. முறையைத் துல்லியமாகப் பின்பற்றினால், 65,536 வாசிப்புகளும் தவறும். முழு அசோசியேட்டிவ் கேஷில் ஒவ்வொரு வரியும் ஒருமுறை மட்டுமே வர வேண்டும். 1,024 தவறல்களோடு முடிந்துவிடும். உண்மையான எந்திரத்தில் முன்கூட்டிக் கொண்டுவரும் சுற்றும் தோராய வெளியேற்ற முறையும் குறுக்கிடுவதால் இந்த எண்கள் அப்படியே வரமாட்டா. ஆனாலும் `perf stat -e L1-dcache-load-misses` என்று ஓடவிட்டு, பிறகு 4096 என்ற வரிசை அகலத்தை மட்டும் 4160 ஆக்கி மறுபடி ஓடவிட்டால் தவறல்கள் சரிவது தெரியும். அப்படிச் சரிந்தால் அது மோதல். குறையாவிட்டால் சிக்கல் வேறு. ஒன்றை மறக்கக் கூடாது: அளப்பதற்கு முன் அணி முழுவதிலும் எதையாவது எழுதிவிட வேண்டும். ஒருபோதும் எழுதப்படாத பக்கங்களைப் படித்தால் லினக்ஸ் அவை எல்லாவற்றுக்கும் ஒரே பூஜ்யப் பக்கத்தைக் காட்டும். இயற்பியல் முகவரி ஒன்றாகிவிடுவதால் மோதலே தெரியாமல் போகும்.

கவனிக்க வேண்டியது, மோதலை நீக்க நாம் 64 பைட் இட்டு நிரப்பினோம், அவ்வளவுதான், வன்பொருளை மாற்றவில்லை. மேலும், முழு அசோசியேட்டிவ் எப்போதும் வெல்லும் என்பதும் உண்மையல்ல. 513 அடுத்தடுத்த வரிகளை மீண்டும் மீண்டும் வரிசையாகப் படிக்கும் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்.ஆர்.யு. பின்பற்றும் முழு அசோசியேட்டிவ் கேஷில், அடுத்து வேண்டிய வரிதான் எப்போதும் சற்றுமுன் வெளியேறியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் 513-உம் தவறும். 8-வழி அமைப்பில் ஒரே ஒரு செட்டில் மட்டும் ஒன்பது வரிகள் மோதும். சுற்றுக்கு 9 தவறல், மற்ற 63 செட்டுகளும் அமைதியாக இருக்கும். செட் என்ற வேலி இங்கே சேதத்தைத் தடுத்து நிறுத்துகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை ஏ.ஆர்.எம். உலகம் கொஞ்ச காலம் நடந்து பார்த்தது. ஏ.ஆர்.எம். 920டி செயலியின் 16 கே.பி. கேஷ்கள் 64-வழி அமைப்பு. 64 வரிகள் கொண்ட எட்டுத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சி.ஏ.எம். முகவரியின் 3 பிட்டுகள் துண்டைத் தேர்ந்தெடுக்க, அந்த ஒரு துண்டின் 64 பொருத்தக் கம்பிகள் மட்டுமே இயங்கும். பொருந்திய கம்பியே தரவு வரிசையைத் திறக்கும் என்பதால், நான்கு வழிகளின் தரவையும் படித்து மூன்றை வீசியெறியும் வழக்கமான அமைப்பின் வீண்செலவும் இல்லை. மெய்நிகர் முகவரியிலேயே தேடியதால் டி.எல்.பி.க்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நேரம் தவறக் கூடாத நிரலை 256 பைட் படிகளில் கேஷுக்குள் பூட்டிவைக்கவும் முடிந்தது. 4-வழி அமைப்பில் அதே பூட்டு கால்வாசிக் கேஷை எடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் சி.ஏ.எம். செல்லைக் கையால் வரைந்து செதுக்க வேண்டும். அடுத்து வந்த ஏ.ஆர்.எம். 926இ.ஜே-எஸ், வாங்குபவர் தன் தொழிற்சாலைக்கு ஏற்பத் தொகுத்துக்கொள்ளும்படி வடிவமைத்த கோர். அதில் சாதாரண எஸ்.ரேமோடு ஒத்துப்போகும் 4-வழி கேஷ்தான் இருந்தது.

வரிகள் குறைவாக இருக்கும் இடத்தில் கணக்குத் தலைகீழாகிறது. கோர்டெக்ஸ் ஏ8 செயலியின் இரண்டு டி.எல்.பி.களிலும் தலா 32 பதிவுகள்தான். இரண்டும் முழு அசோசியேட்டிவ். 32 பொருத்தக் கம்பிகள் ஒரு பாரமல்ல. அதோடு, டி.எல்.பி.யில் செட் முறைக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு: 4 கே.பி. பக்கமா 1 எம்.பி. பக்கமா என்று தெரியாமல் எந்த பிட்டுகளைச் செட் எண்ணாக எடுப்பது என்று தீர்மானிக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் தேடலே நடக்கிறது. சி.ஏ.எம்.மில் ஒவ்வொரு பதிவும் தன் பக்கத்துக்குள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் பிட்டுகளை ஒப்பீட்டிலிருந்து மறைத்துக்கொண்டால் போதும்.

அங்கேயும் ஓர் ஆபத்து உண்டு. இரண்டு பதிவுகள் ஒரே முகவரிக்குப் பொருந்திவிட்டால் இரண்டு வரிசைகள் ஒருங்கே திறந்து ஒரே கம்பிகளில் எதிரெதிராக இழுக்கும். கிடைக்கும் மதிப்பு இரண்டில் எதுவுமாக இராது. 64 பதிவுகள் கொண்ட முழு அசோசியேட்டிவ் டி.எல்.பி.யை இயக்க முறைமையின் கையிலேயே விட்டிருந்த மிப்ஸ் ஆர்3000, இப்படி நேர்ந்தால் நிலைப் பதிவேட்டில் `TS` என்ற பிட்டை ஏற்றி டி.எல்.பி.யையே நிறுத்திவிடும். அந்தப் பிட் ஏறியிருந்தால், பழைய பதிவை அழிக்காமல் புதியதை எழுதிய வரியை நிரலில் தேட வேண்டியதுதான்.