அரபு விசைப்பலகை: ஃபுஸ்ஹாவுக்குத் தங்கம், பேச்சு வழக்குக்குத் தலைவலி

கெய்ரோ வியாபாரிகளோடு வாட்ஸ்அப்பில் பேசவேண்டிய வேலைக்குப் போகிற நண்பர், "எந்த விசைப்பலகை போடலாம்?" என்று கேட்டார். நெடுநாளாக நான் பயன்படுத்துவதைப் பற்றி எழுதிவிடுகிறேன். எழுத்து அமைப்பு, ஸ்வைப், குரல்வழித் தட்டச்சு எல்லாம் மற்றவற்றில் இருப்பதுபோலத்தான். பேச வேண்டியது தானியங்கித் திருத்தத்தைப் பற்றி மட்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். ஃபுஸ்ஹா, அதாவது செய்தித்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் வரும் எழுத்து அரபு, இதில் அற்புதமாக வருகிறது. ஹம்ஸா என்ற சிறு குறியை அலிஃப் எழுத்தின் மேல் போடுவதா கீழ் போடுவதா என்று யோசிக்கவே வேண்டாம். வெறும் அலிஃபைத் தட்டிக்கொண்டே போனால் போதும், சரியான இடத்தில் அதுவே போட்டுவிடும். அந்த வேலையில் இதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் கெய்ரோவில் யாரும் ஃபுஸ்ஹாவில் அரட்டை அடிப்பதில்லை. எகிப்தியர் வாட்ஸ்அப்பில் எழுதுவது ஆம்மிய்யா, அவர்களுடைய பேச்சு வழக்கு. "வேண்டும்" என்பதற்கு ஃபுஸ்ஹாவின் "உரீது" அங்கே "ஆயிஸ்". "இப்போது" என்பதற்கு "அல்ஆன்" அங்கே "தில்வஃதி". நமக்கு "இருக்கிறது", "இருக்கு" இருப்பதுபோல என்று நினைத்தால் பாதிதான் புரியும். நம்மிடம் பெரும்பாலும் ஒரே சொல்தான் தேய்ந்து குறுகியிருக்கிறது. அங்கே அடிக்கடி புழங்கும் சொல்லே வேறாகிவிடுகிறது, வினைச்சொல்லின் முன்னொட்டும் மாறுகிறது. இந்த விசைப்பலகை இடறுவது அந்த முன்னொட்டில்தான்.

ஞாயிற்றுக்கிழமை சரக்கு அனுப்புவோம், பணம் இப்போது வேண்டாம் என்று எகிப்திய வழக்கில் சொல்ல வேண்டுமானால்:

```
هنبعت البضاعة يوم الأحد، ومش عايزين الفلوس دلوقتي
```

முதல் சொல் "ஹனிப்அத்". தொடக்கத்தில் நிற்கும் "ஹ" எதிர்காலக் குறி. ஃபுஸ்ஹாவில் அப்படி ஒரு குறி கிடையாது, அங்கே "ஸ" வரும். கடைசி எழுத்தும் வேறு: ஃபுஸ்ஹாவில் "ஸா" என்ற எழுத்தில் முடியும் வினை, எகிப்தில் சாதாரண "தா"வாகிவிட்டது. ஒரே சொல்லில் இரண்டு எழுத்துப்பிழை என்று விசைப்பலகை முடிவுகட்டி, இடைவெளிப் பொத்தானைத் தட்டியதும் இப்படி மாற்றுகிறது:

```
هنبعت  ->  نبعث
```

பார்வைக்கு அழகான, பிழையில்லாத ஃபுஸ்ஹாச் சொல். ஆனால் எதிர்காலம் போய்விட்டது. எகிப்திய வழக்கில் முன்னொட்டு ஏதும் இல்லாத வினைக்கு "செய்யலாமா", "செய்யட்டும்" என்ற தொனி வரும். ஆகவே படிப்பவர் "சரக்கை ஞாயிறு அனுப்பலாமா?" என்று எடுத்துக்கொண்டு, "அனுப்புங்கள்" என்று பதில் போடுகிறார். நீங்கள் வாக்குக் கொடுத்ததாக நினைக்கிறீர்கள், அவர் அனுமதி கொடுத்ததாக நினைக்கிறார். மீதி வாக்கியம் முழுக்க ஆம்மிய்யாவில் இருப்பதால் முதல் சொல்லை யாரும் சந்தேகப்படுவதில்லை. எனக்குக் கோபம் வருவது இதனால்தான். படித்தால் அர்த்தமே வராத பிழை என்றால் கண்ணில் பட்டிருக்கும்.

தனிப்பட்ட அகராதியில் சேர்த்துவிடலாமே என்பார்கள். சேர்க்கலாம்: அமைப்புகளில் `Personal dictionary` போய், அரபு மொழியைத் தேர்ந்தெடுத்து, சொல்லைத் தட்டினால் முடிந்தது. ஆனால் அரபு வினையில் யார் செய்கிறார் என்பதும் யாருக்கு என்பதும் அதே சொல்லில் ஒட்டிக்கொள்ளும். நான் அனுப்புவேன், அவர் அனுப்புவார், உங்களுக்கு அனுப்புவோம், அதை உங்களுக்கு அனுப்புவோம் எல்லாமே தனித்தனிச் சொற்கள். ஒரு வினைக்கே பட்டியல் நீளும். போதாததற்கு ஆம்மிய்யாவுக்கு ஒப்புக்கொண்ட எழுத்துமுறை கிடையாது. அதே எதிர்காலக் குறியைச் சிலர் "ஹா"வில் எழுதுவார்கள், சிலர் தொண்டையில் ஒலிக்கும் "ஹா"வில் எழுதுவார்கள், சிலர் நடுவே அலிஃபும் சேர்ப்பார்கள். எதைச் சேர்ப்பது?

திருத்தத்தை அடியோடு நிறுத்தினால் ஹம்ஸா வசதியும் போய்விடும். இந்த விசைப்பலகையில் `Auto-correction` எல்லா மொழிக்கும் சேர்த்து ஒரே பொத்தான். சொல் மாறியவுடன் பின்னழிப்புப் பொத்தானை ஒருமுறை தட்டினால் நீங்கள் எழுதியது திரும்ப வரும். ஆனால் கண் திரையில் இருக்க வேண்டும், அவசரத்தில் இருப்பதில்லை.

இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கும் வழி விசைப்பலகையில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது. இதே செய்தி இப்படி:

```
الشحن يوم الأحد إن شاء الله، والدفع عند الاستلام
```

"அனுப்புதல் ஞாயிறு, இன்ஷா அல்லாஹ், சரக்கு கைக்கு வந்ததும் பணம்." இன்ஷா அல்லாஹ் என்ற நிலைத்தொடரை விட்டால் வினைச்சொல்லே இல்லை. வினை இல்லாவிட்டால் முன்னொட்டும் இல்லை. "விலை நூறு", "கடை ஞாயிறு விடுமுறை" என்று பேசிப் பழகிய நமக்கு இந்த அமைப்பு சட்டென்று கைவரும். ஃபுஸ்ஹா இலக்கணப்படி முழுமையான வாக்கியம். எகிப்தியர் காதுக்கும் ஃபுஸ்ஹாவில் வரும் கார்ட்டூன் டப்பிங் போலக் கேட்காது. எல்லாச் சொல்லும் அகராதியில் இருப்பதால் திருத்தம் கெடுக்காமல் உதவி செய்யும். "நாளை" என்று எழுதாமல் கிழமையைச் சொன்னால் "ஃகதன்", "புக்ரா" என்ற தேர்வும் தேவையில்லை.

நடந்து முடிந்ததைச் சொல்வதிலும் பயமில்லை. "சரக்கு வந்தது", "தொகையைப் பெற்றேன்" ஆகியவற்றை உச்சரிப்பது வேறு வேறாக இருந்தாலும் எழுதுவது இரண்டிலும் ஒன்றுதான். "வரவில்லை" என்று எதிர்மறையாக்கினால்தான் பாதை பிரியும்: ஃபுஸ்ஹாவில் முன்னால் "லம்" வரும், எகிப்தில் முன்னால் "மா" வந்து பின்னால் "ஷ்" ஒட்டும்.

குழுவில் வளைகுடாக்காரர்களும் இருந்தால் இன்னொரு பொறி. வினைக்கு முன் "ப" வந்தால் எகிப்தில் அது நிகழ்காலம் அல்லது வழக்கமாகச் செய்வது. வளைகுடாவில் அதே "ப" எதிர்காலம். `بندفع` என்று எகிப்தியர் எழுதினால் "கட்டிக்கொண்டிருக்கிறோம்", எமிராத்தி எழுதினால் "கட்டுவோம்". எழுத்தில் இம்மியும் வித்தியாசமில்லை. பண விஷயத்தில் இதை ஆம்மிய்யாவில் எழுதவே கூடாது. பொருட்பெயரிலும் அப்படித்தான்: "ஏஷ்" எகிப்தில் ரொட்டி, வளைகுடாவில் சோறு.

எனவே நண்பருக்குச் சொன்னது: ஒரே ஆளோடு, ஒரே நாட்டுக்காரரோடு, சும்மா பேசினால் ஆம்மிய்யா. நாடு கலந்த குழு, அல்லது பின்னால் எடுத்துக் காட்ட நேரும் தேதி, தொகை, அளவு என்றால் அந்த வரி மட்டும் ஃபுஸ்ஹாவில், முடிந்தால் வினை இல்லாமல். ஸலாமும் துஆ என்ற வேண்டுதலும் எப்படியும் ஃபுஸ்ஹாவில்தான் வரும். ஒரே செய்தியில் இரண்டும் கலப்பதை அரபுகளே தப்பாக நினைப்பதில்லை. 1973இல் எகிப்திய மொழியியலாளர் அஸ்ஸயீத் பதவி தம் நாட்டு அரபை ஐந்து அடுக்காகப் பிரித்துக் காட்டினார். மக்கள் அடுக்கு மாறிமாறித்தான் பேசுகிறார்கள். அவர்கள் வேண்டுமென்று மாறுகிறார்கள். விசைப்பலகை கேட்காமல் மாற்றுகிறது.

சமாதானம் பேச வேண்டிய இடத்தில், "ஏன் தாமதம்?" என்று கேட்கும் இடத்தில், "இப்படி ஆனால் அப்படிச் செய்வோம்" என்று பேரம் பேசும் இடத்தில் வினை இல்லாமல் ஓட்ட முடியாது. அங்கே திருத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். கடிதம் எழுதுபவருக்கு இதைவிட நல்ல விசைப்பலகை நான் பார்த்ததில்லை. கெய்ரோ வியாபாரிகளோடு அரட்டையடிக்கப் போகிறவர் இதை நிறுவ வேண்டாம்.