முகம் மாற்றியபின் தாடையும் கண்ணும்: ஸ்லைடரா, பிரஷ்ஷா?

குடும்பப் படத்தில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால் அடுத்த ஷாட்டிலிருந்து அவர் முகத்தை எடுத்து ஒட்டுவது கல்யாண போட்டோகிராபர்களுக்குப் பழகிய வேலை. ஒட்டிய முகம் தலையோடு சேராமல் நின்றால் போட்டோஷாப்பின் லிக்விஃபையில் இரண்டு வழி உண்டு: Face Tool ஸ்லைடர்கள், Forward Warp பிரஷ். நான் ஸ்லைடர் கட்சி.

பினாங்கு தண்ணீர்மலைக் கோவிலில் நடந்த கல்யாணம் அது. 24 எம்எம் லென்ஸில் எடுத்த படத்தின் ஓரத்தில் நின்ற பெரியம்மா கண்ணை மூடியிருந்தார். கண் திறந்த ஷாட்டில் அவர் நடுவில் நின்றார். அகல லென்ஸ் ஓரத்து முகத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். அதனால் நடுவிலிருந்து வந்த முகம் ஒல்லியாகிப் பழைய தாடை வெளியே எட்டிப் பார்த்தது.

முதலில் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். வாய் திறந்தால் தாடை இறங்கும் என்பதால், கண் கோட்டிலிருந்து மூக்கின் அடிவரை அளந்தேன். மூடிய கண்ணில் கருவிழி தெரியாது. எனவே இரு கண்களின் உள்முனைகளுக்கு இடையே Ruler வைத்தேன். Ctrl+T போட்டு அகலத்தை மட்டும் கொஞ்சம் இழுத்ததுமே பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. ஆனால் தலை லேசாகத் திரும்பியிருந்ததால் கண் இடைவெளி குறைந்தது. சிரிப்பும் குறைவு என்பதால் தாடை உள்ளே நின்றது. Eye Distance 6, Jawline 12 வைத்ததும் பொருந்தியது. இந்த எண்கள் பிக்சல் அல்ல, கண்ணால் பார்த்து நிறுத்தியவை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது பின்னால் கேட்கப்படும் திருத்தம்தான். "அண்ணே, பெரியம்மா முகம் கொஞ்சம் பெருத்தாப்ல இருக்கே" என்று மணப்பெண்ணின் தங்கை சொன்னார். லேயரை முன்பே Smart Object ஆக்கியிருந்ததால், லேயர் பட்டியலில் Liquify என்ற வரியை இருமுறை கிளிக் செய்து Jawline-ஐ 8 ஆக்கினேன், முடிந்தது. பிரஷ்ஷையும் இப்படித் திறக்கலாம். ஆனால் அங்கே குறைக்க ஓர் எண் இல்லை. Reconstruct-ஆல் தேய்த்துத் தேய்த்துப் போனால் ஒரு கன்னம் இறங்கும், மற்றது நிற்கும்.

ஸ்லைடருக்கும் குறை உண்டு. கண், மூக்கு, வாய் மட்டும் வெட்டி ஒட்டினால் முகத்தையே அது கண்டுபிடிக்காமல் போகலாம். முடி, கழுத்தோடு எடுங்கள். Smart Object-க்கு வெளியே உள்ள மாஸ்க் தாடையோடு நகராது. Jawline மாற்றியதும் அதன் விளிம்பை மீண்டும் வரையாவிட்டால் தாடை வெட்டுப்பட்டு நிற்கும்.

ஒரு பக்கத் தாடை மட்டும் இடிக்கிறதென்றால் பிரஷ்தான். ஜிமிக்கி வளையாமலிருக்க அதை Freeze Mask போட்டு மூடி, பெரிய பிரஷ்ஷால் மெதுவாகத் தள்ளுங்கள். சிறிய பிரஷ் தாடைக்கோட்டில் அலை அலையாய்த் தடம் விடும். நன்றாகப் பக்கவாட்டில் திரும்பிய முகங்களை நான் அதிகம் மாற்றியதில்லை. செய்த கொஞ்சத்தில் ஸ்லைடர் கைகொடுக்கவில்லை, அதே கோணத்தில் வேறு ஷாட் தேடியதுதான் சுலபமாக இருந்தது.