பஸ் நிறுத்தக் கணக்கும் ரம்பப்பல் படமும்: ஒன்பது ஆண்டு அனுபவம்

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அண்ணன் மகள் சென்ற வாரம் ஒரு கணக்கைப் படம் பிடித்து அனுப்பினாள். பஸ் நிறுத்தத்துக்கு வரும் பயணி 5 நிமிடத்துக்குக் குறைவாகக் காத்திருக்கும் நிகழ்தகவு, குறைந்தது 12 நிமிடம் காத்திருக்கும் நிகழ்தகவு, சராசரிக் காத்திருப்பு என்று மூன்று கேள்விகள். "அத்தை, முதல் விடை புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. மற்ற இரண்டும் ஒத்துப்போகவில்லை. புத்தகத்தில் அச்சுப்பிழை இருக்குமா?" என்று கேட்டிருந்தாள். ஒன்பது ஆண்டுகளாக நிகழ்தகவுக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்த வகைக் கணக்குக்கு நான் கைவிடாமல் வைத்திருக்கும் கருவி ஒரு ரம்பப்பல் படம். அது எனக்கு எப்படி உழைத்திருக்கிறது, இந்த முறை எங்கே கைவிட்டது என்று எழுதிவைக்கத் தோன்றியது.

சீரான பரவல் என்றால் என்ன என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். பயணி 7.00 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையே எந்தக் கணத்திலும் சம வாய்ப்போடு நிறுத்தத்துக்கு வருகிறார், 7.00 மணிக்குப் பின் அவர் வந்த நிமிடத்தை X என்றால், X ~ U(0,30). மாணவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். X-இன் சராசரி 15. அதையே காத்திருப்பின் சராசரி என்று எழுதிவிடுகிறார்கள். X என்பது வந்த நேரம். காத்திருப்பு வேறு சமவாய்ப்பு மாறி; அதை W என்போம்.

அந்த இரண்டையும் பிரித்துக் காட்டவே படம் போட ஆரம்பித்தேன். கிடைக்கோட்டில் பயணி வந்த நேரம், செங்குத்துக்கோட்டில் அவர் காத்திருக்க வேண்டிய நிமிடங்கள். ஒரு பஸ் போன மறுகணம் வந்தவர் முழு இடைவெளியும் நிற்க வேண்டும். எனவே கோடு அந்த உயரத்தில் தொடங்குகிறது. நிமிடத்துக்கு ஒன்றாகச் சரிந்து, அடுத்த பஸ் வரும் கணத்தில் தரையைத் தொட்டு, மீண்டும் மேலே தாவுகிறது. பார்ப்பதற்கு ரம்பத்தின் பற்களைப் போலவே இருக்கும். நிகழ்தகவு கேட்டால், கோடு கேட்ட உயரத்துக்குக் கீழே இருக்கும் பகுதிகளை அடிக்கோட்டில் அளந்து 30-ஆல் வகுக்க வேண்டும். சராசரி கேட்டால், பற்களின் பரப்பைக் கூட்டி 30-ஆல் வகுக்க வேண்டும். ஒரே படத்தில் இரண்டு விடையும் கிடைப்பது இன்றைக்கும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

அவள் அனுப்பிய புகைப்படத்துக்கு வருகிறேன். பஸ்கள் 7.00, 7.15, 7.30 என்று இருவரும் படித்தோம். இரண்டு சம பற்கள், ஒவ்வொன்றும் 15 உயரம். காத்திருப்பு 5 நிமிடத்துக்குக் குறைவாக இருக்க 7.10-க்கும் 7.15-க்கும் இடையிலோ, 7.25-க்கும் 7.30-க்கும் இடையிலோ வர வேண்டும். 10/30, அதாவது 1/3. குறைந்தது 12 நிமிடம் நிற்க, ஒவ்வொரு பஸ்ஸும் போன முதல் 3 நிமிடத்துக்குள் வந்திருக்க வேண்டும். 6/30, அதாவது 1/5. சராசரி 7.5 நிமிடம். எல்லாம் ஒழுங்காக இருந்தது. புத்தகமோ 1/3, 4/15, 25/3 என்றது.

அச்சுப்பிழை என்று எழுதி அனுப்பவிருந்தேன். 25/3 என்ற எண்தான் என்னை நிறுத்தியது. பிழையாக விழுந்த எண் இவ்வளவு ஒழுங்கான பின்னமாக இருக்காது. யாரோ கணக்கிட்டு எழுதியது அது. 30-ஆல் பெருக்கினேன்: 250. சம பற்களின் மொத்தப் பரப்பு 225 மட்டுமே. அப்படியானால் பற்கள் சமமாக இல்லை. புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடு பஸ்ஸின் நேரம் புத்தகத்தின் மடிப்பில், போனின் நிழலில் விழுந்திருந்தது. "7.1" வரை தெளிவு. கடைசி இலக்கத்தை நாங்கள் பழக்கத்தால் 5 என்று நிரப்பியிருக்கிறோம். அது பூச்சியம்.

7.00, 7.10, 7.30. இப்போது பற்கள் 10 உயரமும் 20 உயரமும். பரப்பு 50-ம் 200-ம் சேர்ந்து 250. சராசரி 25/3, ஏறக்குறைய 8 நிமிடம் 20 வினாடி. 12 நிமிடத்துக்குமேல் நிற்பவர் பெரிய பல்லில் மட்டுமே இருக்க முடியும்: 7.10 முதல் 7.18 வரை, 8/30, அதாவது 4/15. 5 நிமிடத்துக்குக் குறைவாக நிற்பவரோ ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முந்தைய 5 நிமிடத்தில் வருபவர்; நடு பஸ் 7.10-க்கு வந்தாலும் 7.15-க்கு வந்தாலும் அது 10/30 தான். தவறாகப் படித்த கணக்குக்கும் முதல் விடை சரியாக வந்ததன் காரணம் இதுவே. அந்த ஒரு பொருத்தம்தான் எங்கள் இருவரையும் நம்ப வைத்தது.

இந்தச் சிறிய கணக்கில் எனக்குப் பிடித்தது சராசரி கூடியதுதான். அரை மணியில் அதே இரண்டு பஸ்கள்தான்; சராசரி இடைவெளியும் அதே 15 நிமிடம். இருந்தும் காத்திருப்பு 7.5-இல் நிற்கவில்லை. நீண்ட இடைவெளிக்குள் அதிகப் பயணிகள் வந்து சிக்குகிறார்கள், அவர்களே அதிக நேரமும் நிற்கிறார்கள். நடு பஸ்ஸை 7.01-க்கு நகர்த்திப் பாருங்கள்: பற்கள் 1, 29, பரப்பு 421, சராசரி 14 நிமிடத்தைத் தாண்டுகிறது. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பஸ்கள் வந்துபோன பிறகு நிறுத்தத்துக்கு வந்து நின்றவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 'இடைவெளியில் பாதி' என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் தெரிவதில்லை. அந்தச் சூத்திரம் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. இடைவெளிகள் சமமாக இருந்தால் மட்டும் செல்லும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். பயணி வரும் நேரம் 7.05-இல் தொடங்கினால் முதல் பல் பாதியில் வெட்டப்படுகிறது. அவசரத்தில் முழுப் பல்லையும் கூட்டிவிடுவார்கள். சரியான பரப்பு 12.5-ம் 200-ம், வகுக்க வேண்டியது 25-ஆல், சராசரி 8.5. தேர்வில் படம் மட்டும் போட்டால் முழு மதிப்பெண் கிடைக்காது. அடர்த்திச் சார்பு 1/30 என்று எழுதி, தொகையிட்டுக் காட்ட வேண்டும். பரப்பு என்பதும் அந்தத் தொகையீடுதான் என்றாலும், திருத்துபவர் அந்த வரியைத் தேடுவார். பஸ் கால அட்டவணைப்படி வராத ஊரில் இந்தப் படம் முழுவதும் செல்லாது.

ஒன்பது ஆண்டுகளில் இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் மூன்றுதான் தருவேன். கொடுத்த எண்ணை அப்படியே நம்பி, அழகான இரண்டு சம பற்களை வரைந்து காட்டியது. தவறு என் கண்ணுடையது என்று தெரியும். கோபம் தணிய இன்னும் சில நாள் ஆகும்.

அவளிடம், பக்கத்தை அழுத்திப் பிடித்து மீண்டும் படம் எடுக்கச் சொன்னேன். இரண்டாவது படத்தில் கட்டைவிரல் ஓரத்தில் தெரிந்தது. அதன் பக்கத்தில் 7.10 தெளிவாக இருந்தது.